பெயர் போடாமல் ஒரு சுவரோவியத்துக்கு இரண்டு வரி: என்ன எழுதலாம்?

உள்தெரு · பிப்ரவரி 8, காலை 8.10

எங்கள் குடியிருப்போர் சங்கம் மாதாமாதம் நான்கு பக்க இதழ் போடுகிறது. கடைசிப் பக்கம் முழுக்க ஒரே படம். இந்த மாதம் என் முறை. வேளச்சேரியில் நான் காலையில் நடக்கிற உள்தெருவில் ஒரு மதில் முழுக்கப் படம் வரைந்திருக்கிறார்கள். வெள்ளைத் தாமரைகள் பூத்த குளம், இரண்டு மீன்கொத்திகள், ஓரத்தில் ஒரு பனை. மதில் நாற்பதடி நீளம், ஏழடி உயரம் இருக்கும். எடுத்த படத்தையும் இணைத்திருக்கிறேன்.

நிபந்தனை: படக்குறிப்பு இருபத்தைந்து சொல்லுக்குள். யார் பெயரும் கூடாது. வரைந்தவர், வீட்டுக்காரர், பணம் கொடுத்தவர், கட்சி, எதுவும். போன வருடம் ஒரு பெயர் விட்டுப்போய்ப் பெரிய சண்டையாம். நிறத்தையும் உழைப்பையும் பற்றி எழுதினால் போதும் என்கிறார் ஆசிரியர். நான் எழுதியது இது:

"வண்ணங்களில் உயிர்பெற்ற சுவர். முகமறியாக் கைகளின் கடின உழைப்பு."

போதுமா?

நகல் · பிப்ரவரி 8, காலை 9.02

போதும். ஆனால் இதை நாளைக்கு வேறு எந்தச் சுவரின் கீழும் ஒட்டலாம். பள்ளிக்கூடச் சுவர், ரயில் நிலையச் சுவர், எதற்கும் பொருந்தும். உங்கள் மதிலைப் பார்க்காத ஆள்கூட எழுதிவிடலாமே.

உள்தெரு · பிப்ரவரி 8, காலை 9.40

சரி. பார்த்துதான் எழுதுகிறேன்:

"ரோஜா நிற அலகோடு மீன்கொத்தி, வெள்ளைத் தாமரை, நீலக் குளம். காலை நடையில் நின்று பார்க்க வைக்கும் மதில்."

உழைப்பு விட்டுப்போயிற்று. அதை எப்படிச் சொல்வது? 'கடின உழைப்பு' என்று எழுதினால் அரசு விளம்பரம் மாதிரி இருக்கிறது.

நாரை · பிப்ரவரி 8, பகல் 12.15

படத்தைப் பார்த்தேன். இது வெண்தொண்டை மீன்கொத்தி. தலை சாக்லேட் நிறம், முதுகு நீலம், தொண்டையும் மார்பும் வெள்ளை. பள்ளிக்கரணைப் பக்கம் மின்கம்பியில் சாதாரணமாக உட்கார்ந்திருக்கும். எல்லாம் சரியாக வரைந்தவர் அலகில் கோட்டை விட்டுவிட்டார். அலகு நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். ரோஜா நிற அலகு உள்ள மீன்கொத்தி நம் ஊரில் கிடையாது. வேண்டுமானால் நான் எடுத்த படம் அனுப்புகிறேன், ஒப்பிட்டுப் பாருங்கள்.

உள்தெரு · பிப்ரவரி 8, பகல் 12.30

ஐயா, நான் பறவையின் பெயர் கேட்கவில்லை. படத்துக்குக் கீழே என்ன எழுதலாம் என்றுதான் கேட்டேன்.

சாரம் · பிப்ரவரி 8, இரவு 9.50

தம்பி, அந்தப் பறவைக்காரரை விரட்டாதே. உன் கேள்விக்குப் பாதிப் பதில் அவர் சொன்னதில் இருக்கிறது.

நான் சுவர் எழுதியவன். கட்சி எழுத்து, சோப்பு விளம்பரம், பள்ளிக்கூடத்துத் திருவள்ளுவர், எல்லாம். ஃபிளக்ஸ் வந்ததும் தூரிகையை வைத்துவிட்டுப் பெயின்ட் கடையில் உட்கார்ந்துவிட்டேன். மதிலுக்கு வரைகிறவன் இருபது டப்பா வாங்க மாட்டான். வெள்ளை எமல்ஷன் ஒன்று வாங்கி, சின்னச் சின்ன ஸ்டெய்னர் பாட்டில் ஊற்றி வேண்டிய நிறத்தைக் கலந்துகொள்வான். அதில் நீலம், பச்சை, கறுப்பு மூன்றும் வெயிலுக்கு அசையாது. காவிச் சிவப்பும் அசையாது, அது இரும்புத் துரு. மீன்கொத்தியின் தலைக்கு அந்தக் காவியில் கறுப்பு கலந்திருப்பான், அதனால்தான் தலை இன்னும் திடமாக நிற்கிறது. பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும்தான் வெயிலில் முதலில் போகும். அதிலும் வெள்ளையோடு கலந்து நீர்த்த சிவப்பு என்றால் இன்னும் சீக்கிரம்.

மற்ற எல்லா நிறமும் சரியாக இருந்து அலகு மட்டும் ரோஜாவாக இருக்கிறது என்றால், வரைந்தவன் தப்புப் பண்ணவில்லை. சிவப்பாகத்தான் வரைந்திருக்கிறான், வெயில் தின்றுவிட்டது. மதில் மேற்குப் பார்த்ததா?

இன்னொன்று. அந்தத் தாமரை வெள்ளைதானா? போய் ஒரு தரம் பார்.

உள்தெரு · பிப்ரவரி 8, இரவு 10.20

மேற்குப் பார்த்த மதில்தான். தாமரை வெள்ளை இல்லாமல் வேறென்ன?

சாரம் · பிப்ரவரி 8, இரவு 10.31

குளத்தில் தாமரை வரைகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் இளஞ்சிவப்புதான் போடுவார்கள். வெள்ளையில் சொட்டு சிவப்பு. நான் சொன்னேனே, முதலில் போகிற கலவை. வெயில் படாத இடம் ஏதாவது அந்த மதிலில் இருக்கும். குழாய்க்குப் பின்னால், மரத்தின் மறைவில், பெட்டிக்கடை ஓரத்தில். அங்கே பார். அங்கேயும் வெள்ளை என்றால் வெள்ளைதான்.

கறுப்புக்கோட்டு · பிப்ரவரி 9, காலை 7.15

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பெயர் போடாமல் எழுதுவது பற்றி யாரும் கவலைப்படவில்லையே?

நகல் · பிப்ரவரி 9, காலை 7.48

எதற்குக் கவலை? பொது இடத்தில் இருப்பதை யாரும் படம் எடுக்கலாம், போடலாம். பதிப்புரிமைச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது.

கறுப்புக்கோட்டு · பிப்ரவரி 9, காலை 8.20

பாதி சரி. 1957ஆம் ஆண்டுச் சட்டம், 52ஆம் பிரிவு. பொது இடத்தில் நிரந்தரமாக இருக்கும் சிற்பத்தையும் கைவினைப் படைப்பையும் படம் எடுத்து வெளியிடலாம் என்று இருக்கிறது. கட்டடத்துக்கும் அப்படி ஒரு விலக்கு உண்டு. புகைப்படம் வெளியிடுவதற்கான அந்த வரியில் ஓவியம் இல்லை. ஆக மதிலில் இருக்கிற ஓவியத்தைக் காலண்டராக அச்சடித்து விற்க நினைத்தால் வரைந்தவரைத் தேடிப் பிடித்துக் கேட்பதுதான் முறை. நான்கு பக்கச் சங்க இதழுக்காக யாரும் நீதிமன்றம் போகப்போவதில்லை என்பது வேறு விஷயம். 57ஆம் பிரிவில் 'இது என் படைப்பு' என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும் வரைந்தவருக்கு இருக்கிறது.

குறிப்பில் பெயர் வேண்டாம் என்றால் வேண்டாம். ஆனால் மதிலில் கையெழுத்து இருந்தால் அதைப் படத்திலிருந்து வெட்டாதீர்கள்.

உள்தெரு · பிப்ரவரி 9, காலை 8.35

கையெழுத்து எதுவும் கண்ணில் படவில்லை. நாளைக்கு அதையும் பார்க்கிறேன்.

மாடிவீட்டு அக்கா · பிப்ரவரி 9, பகல் 2.05

எங்கள் வீட்டுக் கதையைக் கேளுங்கள். மதிலோரம் வருகிறவன் போகிறவன் எல்லாம் ஒதுங்குகிறான் என்று பிள்ளையார், மாதா, மெக்கா மூன்று டைல்ஸ் ஒட்டினோம். அதற்கு இரண்டடி தள்ளி ஒதுங்க ஆரம்பித்தார்கள். சரி, சுவர் முழுக்கப் படம் வரைந்துவிடலாம் என்று ஆளைக் கேட்டால், சுவரைச் சுரண்டிக் கழுவிக் காயவைத்து பிரைமர் அடிக்காமல் தொட மாட்டேன் என்றார். அந்தச் செலவே படத்தின் செலவுக்குச் சமமாக வந்தது. வேண்டாம் என்று விட்டுவிட்டோம். அடுத்த வாரமே ஒரு கட்சிக்காரர்கள் வந்து வெள்ளையடித்து, எங்களைக் கேட்காமலேயே, தேர்தல் வரைக்கும் இந்தச் சுவர் எங்களுக்கு என்று எழுதிவிட்டுப் போனார்கள். ஓசியில் வெள்ளையடித்த மாதிரி ஆயிற்று.

சாரம் · பிப்ரவரி 9, மாலை 6.40

அக்கா, அந்த ஆள் சொன்னது நியாயம். பாசி பிடித்த சுவரில் அப்படியே அடித்தால் ஒரு மழைக்காலம் தாங்காது. பட்டை பட்டையாக உரிந்து வரும். மதிலின் அடியில் ஒன்றரை இரண்டடி வரைக்கும் என்ன செய்தாலும் பொரியும். மண்ணிலிருந்து ஈரம் ஏறி உப்புப் பூக்கும், அது பெயின்டைப் பின்னாலிருந்து தள்ளும். தம்பி மதிலிலும் அடிப்பக்கம் அப்படித்தான் இருக்கும் பார். அதனால் வேலை தெரிந்தவன், முகத்தையும் பறவையையும் அடியில் வைக்க மாட்டான். புல், தண்ணீர், கல் இப்படி ஏதாவது போடுவான். உரிந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம்.

நகல் · பிப்ரவரி 9, இரவு 8.10

சென்னையில் சுவரோவியம் என்றாலே 2020இல் கண்ணகி நகரில் ஆரம்பித்ததுதானே? அதைப் பார்த்து எல்லாத் தெருவிலும் வரைய ஆரம்பித்தார்கள். குறிப்பில் அதைத் தொட்டுக் காட்டலாமே.

சாரம் · பிப்ரவரி 9, இரவு 8.45

கண்ணகி நகர் பெரிய வேலை, இல்லை என்று சொல்லவில்லை. குடியிருப்புக் கட்டடங்களின் பக்கச் சுவர் முழுக்க வரைந்தார்கள். ஆனால் ஆரம்பம் அது இல்லை. அதற்குப் பத்து வருடம் முன்பே, போஸ்டர் ஒட்டுகிறார்கள் என்று மாநகராட்சி அண்ணா சாலைச் சுவர்களில் படம் வரைய வைத்தது. சினிமா பேனர் வரைந்துகொண்டிருந்த பலருக்கு அப்போது அதுதான் சோறு. அதற்கு முன்னால் கட்சிச் சின்னம் வரைந்தவன் எல்லாம் யாராம்? இருபத்தைந்து சொல்லில் வரலாறு வேண்டாம். விட்டுவிடு.

உள்தெரு · பிப்ரவரி 10, காலை 8.25

பார்த்துவிட்டு வந்தேன். விரிவாகவே சொல்கிறேன்.

மதிலின் வலது கோடியில் ஒரு இஸ்திரி வண்டி நிற்கிறது. மேலே தார்ப்பாய்க் கூரை. இரண்டாவது மீன்கொத்தி அந்தக் கூரைக்குப் பின்னால் பாதி ஒளிந்திருக்கிறது. நான் எடுத்த படத்தில் வால்தான் தெரியும். வண்டிக்காரரிடம் கேட்டு எட்டிப் பார்த்தேன். அதன் அலகு மிளகாய்ப்பழச் சிவப்பு! நாரை ஐயா சொன்ன அதே சிவப்பு. வண்டிக்குப் பின்னால் ஒரு தாமரையும் இருக்கிறது, கூரையின் விளிம்பு நேராக அதன் நடுவே வருகிறது. நிழலில் இருந்த இதழ்கள் இளஞ்சிவப்பு, வெயிலில் இருந்த இதழ்கள் கிட்டத்தட்ட வெள்ளை. ஒரே பூ. ஆனால் வண்டியின் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு மொட்டு, முழு நிழலிலும் வெள்ளையாகவே இருக்கிறது. ஆக வெள்ளைத் தாமரையும் வரைந்திருக்கிறார்கள் போலிருக்கிறது. எல்லாமே வெளிறியதுதான் என்று சொல்லிவிட முடியவில்லை.

வெயில் பட்ட இடத்தில் வெள்ளையை விரலால் தேய்த்தால் மாவு மாதிரி ஒட்டுகிறது. நிழலில் ஒட்டவில்லை.

வண்டிக்காரர் சொன்னது: இரண்டு பேர் வந்தார்களாம். விடியும்போதே ஆரம்பித்து, உச்சி தாண்டி வெயில் மதிலில் விழ ஆரம்பித்ததும் மூட்டை கட்டிவிடுவார்களாம். சோம்பேறிகள் என்று முதலில் நினைத்தாராம்.

கையெழுத்து: வலது அடி மூலையில் ஏதோ இருந்திருக்கிறது. ஒரு எழுத்தின் மேல் வளைவு மட்டும் மிச்சம். கீழே சாரம் அண்ணா சொன்ன மாதிரி உப்புப் பூத்து உதிர்ந்துவிட்டது. அது 'வ'வா 'ல'வா என்றுகூடச் சொல்ல முடியாது.

சாரம் · பிப்ரவரி 10, காலை 9.30

சோம்பேறித்தனம் இல்லை தம்பி. சூடான சுவரில் பெயின்ட் வைத்தவுடனே இழுத்துக்கொண்டு காய்ந்துவிடும். பக்கத்தில் அடுத்த இழுப்பு இழுப்பதற்குள் ஓரம் காய்ந்து, மேலே மேலே போட்ட இடம் பட்டையாகத் தெரியும். குளம் மாதிரி பெரிய ஒரே நிறப் பரப்பில் அது அசிங்கமாக நிற்கும். மேற்கு மதிலுக்குக் காலைதான் நேரம். உன் படத்தில் குளத்து நீலம் பட்டை இல்லாமல் ஒரே சீராக இருக்கிறது. அந்த இரண்டு பேருக்கும் வேலை தெரிந்திருக்கிறது.

இன்னொன்றும் பார்த்திருக்கலாம். மீன்கொத்தியின் முதுகில் போகிற கறுப்பு வெளிக்கோடு. அதைக் கிட்டப் போய்ப் பார்த்தாயா?

உள்தெரு · பிப்ரவரி 10, காலை 9.52

பார்த்தேன். ஒவ்வொரு ஒன்றரை அடிக்கும் கோடு கொஞ்சம் தடித்து, அப்புறம் மெலிந்து போகிறது. சுவர்ப் பூச்சு சொரசொரப்பு, அதனால் மெலிந்த இடங்களில் கோடு புள்ளி புள்ளியாக உடைந்திருக்கிறது. சில இடத்தில் திரும்ப ஒரு தரம் இழுத்திருக்கிறார்கள்.

சாரம் · பிப்ரவரி 10, காலை 10.05

அதுதான். தடித்த இடத்தில் தூரிகையைத் தோய்த்து வைத்தான், மெலிந்த இடத்தில் பெயின்ட் தீர்ந்தது. ஒரு தோய்ப்புக்கு ஒன்றரை அடி. அந்தப் பறவையைச் சுற்றி எத்தனை தடிப்பு இருக்கிறதோ அத்தனை தரம் கை டப்பாவுக்குப் போய் வந்திருக்கிறது. உழைப்பை எப்படிச் சொல்வது என்று கேட்டாயே. இதைச் சொல். 'கடின' எதுவும் வேண்டாம்.

அளவும் சொல்கிறேன். நாற்பதுக்கு ஏழு, இருநூற்றெண்பது சதுர அடி. இரண்டு கோட் அடிக்க லிட்டருக்கு ஐம்பது அறுபது சதுர அடி வரும். அடி வண்ணத்துக்கே ஐந்து லிட்டர் பக்கம். படம் அதற்கு மேலே. இதெல்லாம் குறிப்பில் வேண்டாம், உனக்குத் தெரிந்திருக்கட்டும்.

நகல் · பிப்ரவரி 10, பகல் 11.20

நிறத்தின் பெயர் துல்லியமாக வேண்டுமென்றால் படத்தைத் திறந்து நிறம் எடுக்கும் கருவியால் தொட்டுப் பாருங்கள். எண்ணோடு சொல்லும்.

நாரை · பிப்ரவரி 10, பகல் 11.45

அது ஃபோன் எடுத்த நிறத்தைச் சொல்லும், சுவரின் நிறத்தைச் சொல்லாது. காலையில் மேற்கு மதில் நிழலில் இருக்கும். நிழலில் வானத்து வெளிச்சம்தான் விழும், அதனால் படத்தில் வெள்ளை எல்லாம் லேசாக நீலமாகத் தெரியும். பறவைப் படத்தில் நாங்கள் தினமும் படுகிற பாடு இது. பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து இன்னொரு படம் எடுத்து, தாள் வெள்ளையாகத் தெரிகிற வரைக்கும் நிறச் சமநிலையைத் திருத்துங்கள். அப்புறம் நிறம் பற்றி எழுதுங்கள்.

உள்தெரு · பிப்ரவரி 10, இரவு 9.15

ஐயா, முந்தாநாள் உங்களிடம் எரிந்து விழுந்தவனுக்கு இவ்வளவு சொல்லித் தருகிறீர்களே. நன்றி.

இப்போது இப்படி இருக்கிறது:

"கூரை நிழலில் மீன்கொத்தியின் அலகு இன்னும் சிவப்பு, வெயிலில் நிற்பதற்கு ரோஜா. முதுகின் கறுப்புக் கோட்டில் தூரிகை தோய்த்த இடமெல்லாம் தடிப்பு."

இருபத்தைந்துக்குள் வருகிறது. படத்தையும் வண்டிக் கூரை தெரிகிற மாதிரி மாற்றி எடுத்துவிட்டேன். வண்டிக்காரர் தன் முகம் வேண்டாம் என்றார், கூரையும் ஒரு சக்கரமும் போதும்.

மாடிவீட்டு அக்கா · பிப்ரவரி 10, இரவு 9.40

நன்றாக இருக்கிறது. ஆனால் வெளிறிப்போனதைச் சொல்வது வரைந்தவரைக் குறை சொல்வதாக ஆகாதா? அவர் இதைப் படித்தால்?

சாரம் · பிப்ரவரி 10, இரவு 9.58

எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் எழுத்து வெளிறிப்போன சுவரை நானே நின்று பார்த்திருக்கிறேன். சிவப்பு போயிருக்கும், கறுப்பு நிற்கும். கோபம் வராது. 'பளபளக்கும் வண்ணம்' என்று யாராவது எழுதினால்தான் சிரிப்பு வரும்.

கறுப்புக்கோட்டு · பிப்ரவரி 11, காலை 7.30

அக்கா கேட்டதில் விஷயம் இருக்கிறது. பெயர் போடாததால் அவருக்குப் பதில் சொல்லவும் வழி இல்லை. எனக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. 'கையெழுத்து உதிர்ந்துவிட்டது' என்று இரண்டு சொல்லாவது சேர்க்கலாம்.

உள்தெரு · பிப்ரவரி 11, காலை 8.05

சேர்த்தால் இரண்டு வரியைத் தாண்டுகிறது. கோட்டைப் பற்றிய வரியைச் சுருக்க மனம் வரவில்லை.

உள்தெரு · பிப்ரவரி 14, மாலை 5.20

மாதிரிப் பக்கம் வந்தது. குறிப்பு அப்படியே இருக்கிறது. படத்தைத்தான் சதுரமாக வெட்டிவிட்டார்கள்! வண்டிக் கூரையும் நிழலில் இருந்த மீன்கொத்தியும் வெளியே போய்விட்டன. ரோஜா அலகு மட்டும் மிச்சம். இல்லாத சிவப்பைப் பற்றிக் கீழே ஒரு வரி.

நகல் · பிப்ரவரி 14, மாலை 5.34

வரியை மாற்றுங்கள், படத்துக்காகச் சண்டை வேண்டாம்.

சாரம் · பிப்ரவரி 14, மாலை 6.10

வேண்டும். நாற்பதடி மதிலைச் சதுரத்தில் அடைத்தால் ஒரு மூலைதான் வரும். படம் அகலமாக, மேலும் கீழும் வெள்ளை விட்டுப் போடச் சொல். பக்கம் அவர்களுடையதுதானே, வெள்ளைக்கு என்ன காசா? முடியவே முடியாது என்றால் ரோஜா அலகையும் கறுப்புக் கோட்டையும் வைத்துக்கொள், சிவப்பை எடுத்துவிடு.

உள்தெரு · பிப்ரவரி 14, இரவு 8.45

ஆசிரியரிடம் பேசினேன். அகலமாகப் போடச் சம்மதித்தார். பதிலுக்கு 'தூரிகை தோய்த்த' என்பது யாருக்குப் புரியும் என்று கேட்கிறார். திங்கள்கிழமை அச்சுக்குப் போகிறது. வேறு சொல் இருந்தால் அதற்குள் சொல்லுங்கள்.

சாரம் · பிப்ரவரி 14, இரவு 8.52

வீட்டுக்கு வெள்ளையடித்துப் பார்த்த எவனுக்கும் புரியும். மாற்றாதே.